அமெரிக்க ஈல்டு 5 சதவீதம், தங்கம் ஏன் விழவில்லை? ரியல் ஈல்டும் தங்க சார்ட்டும்

செவ்வாய்ப்பேட்டை பட்டறை | 24 அக்டோபர் 2023, இரவு 9.40

ஆயுத பூஜைக்கு நேற்று பட்டறைக்கு லீவு, இன்று விஜயதசமி, பேருக்கு நாலு கொலுசுக்குப் பொடி வைத்து ஊதிவிட்டு வந்துவிட்டோம். கையில் நேரம் இருக்கிறது, அதனால் கேட்கிறேன். அமெரிக்க அரசின் பத்து வருட பாண்ட் தரும் வட்டி, அதாவது ஈல்டு, நேற்று 5 சதவீதத்தைத் தொட்டுவிட்டது என்று எல்லா இடத்திலும் போடுகிறார்கள். ஈல்டு ஏறினால் தங்கம் இறங்கும் என்று எனக்குத் தெரிந்த எல்லோரும் சொல்கிறார்கள், நானும் நாலு பேரிடம் சொல்லி இருக்கிறேன். ஆனால் அவுன்ஸ் 1,970 டாலருக்கு மேல் நிற்கிறது, இந்த மாத ஆரம்பத்தில் 1,820-ல் இருந்தது. இஸ்ரேல் சண்டை ஒரு காரணம், சரி. அதைத் தள்ளிவிட்டாலும் 5 சதவீத ஈல்டுக்கு 1,820 என்பதே அதிகம் இல்லையா? இந்த விதி உண்மையா, இல்லை டிவிக்காரர்கள் கட்டிய கதையா?

ஏற்காட்டுக் குளிர் | 24 அக்டோபர் 2023, இரவு 11.15

விதி பாதி உண்மை. நீங்கள் தப்பான ஈல்டைப் பார்க்கிறீர்கள்.

நான் ஒரு வங்கியின் டிரஷரியில் இருபது வருடம் பாண்ட் வாங்கி விற்றவன், இப்போது நாகலூர் பக்கம் காப்பியும் மிளகும். அங்கே எனக்கு மண்டையில் ஏறிய ஒரு பாடத்தை ஒரு ஜோடி தேதிகளை வைத்தே சொல்லிவிடுகிறேன், இதைவிடச் சுத்தமான உதாரணம் எனக்குத் தெரியாது.

2021 மார்ச் கடைசி. அமெரிக்கப் பத்து வருட ஈல்டு 1.74 சதவீதம். தங்கம் சுமார் 1,690 டாலர். அதே வருடம் நவம்பர் நடுவில் ஈல்டு சுமார் 1.6. கிட்டத்தட்ட அதே இடம்தான். ஆனால் தங்கம் 1,860. செய்தியில் வரும் ஈல்டை மட்டும் பார்ப்பவனுக்கு இந்த 170 டாலர் எங்கிருந்து வந்தது என்றே தெரியாது.

அமெரிக்க அரசு 1997-லிருந்து இன்னொரு வகை பாண்டும் விற்கிறது, டிப்ஸ் என்று பெயர். அதன் அசல் விலைவாசிக் குறியீட்டோடு சேர்ந்து ஏறும். ஆகவே அதன் மேல் சந்தை கேட்கும் ஈல்டு, விலைவாசி போக மீதி எவ்வளவு என்பதைத்தான் காட்டுகிறது. ரியல் ஈல்டு என்பது இதுதான். அந்தப் பத்து வருட டிப்ஸ் ஈல்டு மார்ச்சில் மைனஸ் 0.6, நவம்பரில் மைனஸ் 1.1. அரை சதவீதம் கீழே போயிருக்கிறது. தங்கம் பத்து சதவீதம் மேலே போயிருக்கிறது.

அமெரிக்க மத்திய வங்கியான ஃபெட் நடத்தும் FRED தளத்தில் மூன்றையும் இலவசமாகப் பார்க்கலாம். சாதா ஈல்டு, அதாவது நாமினல், DGS10, டிப்ஸ் ஈல்டு DFII10, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் T10YIE.

```
T10YIE = DGS10 - DFII10
2021 மார்ச் 31:    1.74 - (-0.63) = 2.37
2021 நவம்பர் நடு:  1.6  - (-1.1)  = 2.7
```

அந்த 2.37-ம் 2.7-ம் அடுத்த பத்து வருடத்துக்கு விலைவாசி ஆண்டுக்கு சராசரியாக எவ்வளவு ஏறும் என்று சந்தை பந்தயம் கட்டியிருக்கும் எண். ஈல்டு அசையவில்லை, விலைவாசிப் பயம் ஏறிவிட்டது. பாண்ட் வைத்திருப்பவனின் கைக்கு வருவது குறைந்துவிட்டது. தங்கம் வட்டி தராது என்பதுதான் அதன் மேல் உள்ள ஒரே பெரிய குறை, எதிரில் உள்ளவன் தருவதும் நஷ்டம் என்றால் அந்தக் குறை மறைந்துவிடுகிறது.

ஏற்காட்டுக் குளிர் | 24 அக்டோபர் 2023, இரவு 11.40

படுக்கப் போனேன், இன்னும் எளிதாகச் சொல்லியிருக்கலாம் என்று தோன்றியது. 100 மூட்டை பொன்னி வாங்கும் பணத்தை இன்று பாண்டில் போடுகிறீர்கள் என்று வையுங்கள். ரியல் ஈல்டு மைனஸ் 1 என்றால் பத்து வருடம் கழித்து வரும் பணத்தில் 90 மூட்டைதான் வாங்க முடியும். அங்கே தங்கம் சும்மா கிடந்தாலே ஜெயித்துவிடும். இன்று ரியல் ஈல்டு கிட்டத்தட்ட 2.5. அதே 100 மூட்டை 128 ஆகும். அதுவும் அமெரிக்க அரசின் கையெழுத்தோடு. இந்த 28 மூட்டையை விட்டுக்கொடுத்துத்தான் இன்று ஒருவன் தங்கம் வைத்திருக்கிறான். 5 என்ற எண்ணை மறந்துவிட்டு இந்த 28-ஐப் பாருங்கள்.

(ஆக உங்கள் கேள்வி இன்னும் கூர்மையாகிறது, பதில் சொல்லவில்லை என்பது எனக்கே தெரிகிறது. நாளைக்கு.)

ஜவ்வரிசி ஆலை | 25 அக்டோபர் 2023, காலை 7.05

இதற்கு டிப்ஸ் எல்லாம் எதற்கு சார்? ஈல்டில் இருந்து பணவீக்கத்தைக் கழித்தால் ரியல் ஈல்டு. எட்டாம் வகுப்புக் கணக்கு. நான் அப்படித்தான் எக்செல்லில் போட்டு வைத்திருக்கிறேன். ஆனால் ஒன்று சொல்கிறேன், இந்த விதி சுத்தப் பொய். 2022 ஜூலையில் அமெரிக்கப் பணவீக்கம் 9.1 சதவீதம் என்று அறிவித்தார்கள், ஈல்டு 2.9. கழித்தால் மைனஸ் 6.2! தங்கம் ராக்கெட் மாதிரி போயிருக்க வேண்டும். நான் நம்பி வாங்கினேன். அடுத்த மூன்று மாதத்தில் இறங்கித்தான் போனது. என் மனைவி இன்றுவரை அந்த மைனஸ் 6.2-ஐச் சொல்லிக் காட்டுகிறாள்.

ஏற்காட்டுக் குளிர் | 25 அக்டோபர் 2023, காலை 10.30

ஆலைக்காரரே, கழிக்க வேண்டும் என்பது சரி. எதைக் கழிப்பது என்பதில்தான் ஆலை நின்றுவிட்டது. 9.1 என்பது கடந்த பன்னிரண்டு மாதத்தில் நடந்து முடிந்த விலையேற்றம். 2.9 என்பது வரப்போகும் பத்து வருடத்துக்கான வட்டி. போன வருட மழையை வைத்து இந்த வருடக் காப்பிப் பூவைக் கணக்குப் போடுவது மாதிரி.

அன்று டிப்ஸ் ஈல்டு என்ன தெரியுமா? பிளஸ் 0.5-ஐத் தாண்டி இருந்தது. அதாவது 9.1 என்ற செய்தி வந்த அன்றும் சந்தை அடுத்த பத்து வருட சராசரியை 2.4-க்குப் பக்கத்தில்தான் போட்டிருந்தது. இந்த ஒரு வருட வெயில் அடங்கிவிடும், ஃபெட் வட்டியை ஏற்றி அடக்கிவிடும் என்று நம்பியது. அடுத்த ஜூனுக்கான பணவீக்கம் 3.0 என்று வந்தது, அந்த அளவுக்கு நம்பிக்கை வீண்போகவில்லை.

இப்போது நீங்கள் வாங்கிய நேரத்தை டிப்ஸ் வழியாகப் பாருங்கள். 2022 ஜனவரி ஆரம்பத்தில் மைனஸ் 1, ஜூலையில் பிளஸ் அரை, நவம்பர் ஆரம்பத்தில் 1.6-க்கு மேல். ஒரே வருடத்தில் இரண்டரை சதவீதத்துக்கு மேல் ஏறியிருக்கிறது. உங்கள் எக்செல்லில் மைனஸ் 6 என்று கீழே போன கோடு, நிஜத்தில் மேலே போய்க்கொண்டிருந்தது. நவம்பர் ஆரம்பத்தில் தங்கம் 1,630. பணவீக்கம் ஏறினால் தங்கம் ஏறும் என்பதும் இதே மாதிரி பாதி உண்மைதான். வட்டி அதைவிட வேகமாக ஏறாத வரைதான் அது நடக்கும்.

ஓய்வு பெற்ற டீச்சர், அம்மாபேட்டை | 25 அக்டோபர் 2023, மதியம் 2.20

தம்பி, நான் 2017-ல் கிராம் 2,900 சொச்சத்துக்குத் தங்கப் பத்திரம் வாங்கி வைத்திருக்கிறேன். அதில் வருடத்துக்கு 2.5 சதவீதம்தான் வட்டி. விலைவாசி 5 சதவீதம் ஏறுகிறது. அப்படியானால் நீங்கள் சொல்லும் கணக்கில் எனக்கு மைனஸ் 2.5 தானே? முன்னதாகவே திருப்பிக் கொடுத்துவிடலாமா? ஐந்து வருடம் முடிந்துவிட்டது.

ஏற்காட்டுக் குளிர் | 25 அக்டோபர் 2023, மாலை 5.00

டீச்சர், உங்கள் பாண்டும் நாங்கள் பேசும் பாண்டும் வேறு வேறு. உங்களுடையது பேருக்குத்தான் பத்திரம், உள்ளே இருப்பது தங்கம். முதிர்வில் அன்றைய தங்க விலை கைக்கு வரும், 2.5 அதற்கு மேல் கொசுறு. அதனால் மைனஸ் கணக்கு அங்கே பொருந்தாது. ஒன்று மட்டும் கவனியுங்கள், அந்த 2.5 நீங்கள் வாங்கிய 2,900-க்குத்தான். கிராமுக்கு வருடம் 72 ரூபாய் 50 காசு. இன்றைய 6,000 விலைக்கு அது சுமார் 1.2 சதவீதம்தான். திருப்பிக் கொடுப்பதா வைப்பதா என்பது உங்கள் பணத் தேவையைப் பொறுத்தது, அதில் நான் வாயைக் கொடுக்கவில்லை.

செவ்வாய்ப்பேட்டை பட்டறை | 25 அக்டோபர் 2023, இரவு 8.10

அண்ணா எல்லாம் புரிகிறது, என் கேள்வி அப்படியே நிற்கிறது. 2.5 ரியல் ஈல்டுக்குத் தங்கம் எவ்வளவு இருக்க வேண்டும்?

ஏற்காட்டுக் குளிர் | 25 அக்டோபர் 2023, இரவு 10.45

இதைத்தான் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தேன். 2021-ன் அந்த ஜோடியையே அளவுகோலாக வைப்போம். அரை சதவீதத்துக்குப் பத்து சதவீதம். மைனஸ் 0.6-லிருந்து பிளஸ் 2.5 என்றால் 3.1, அதாவது ஆறு அரைகள். ஆறு பத்து அறுபது. 1,690-ல் அறுபது சதவீதம் போனால் 676 டாலர்.

நிற்பதோ 1,970. விதி உடைந்துவிட்டது, அவ்வளவுதான். சொல்லிவிட்டேன்.

ஜவ்வரிசி ஆலை | 26 அக்டோபர் 2023, காலை 6.50

எட்டாம் வகுப்புக் கணக்கு சார்! ஒவ்வொரு பத்து சதவீதமும் மீதி இருப்பதில்தான் குறையும். 0.9-ஐ ஆறு தடவை பெருக்கினால் 0.53. 1,690 × 0.53 = சுமார் 900. 676 இல்லை. டிரஷரி என்றீர்களே.

ஏற்காட்டுக் குளிர் | 26 அக்டோபர் 2023, காலை 9.00

வாங்கிக்கொண்டேன். 900. இரவு பத்தே முக்காலுக்குக் கணக்குப் போடக் கூடாது.

900 என்றாலும் பாதிக்கும் கீழே. அதோடு, இரண்டே தேதியை வைத்து நான் செய்த அளவுகோல் எவ்வளவு நொண்டி என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2020 ஆகஸ்ட் ஆரம்பத்தில் ரியல் ஈல்டு மைனஸ் 1-ஐத் தாண்டியிருந்தது, 2021 நவம்பர் மாதிரியேதான். ஆனால் அப்போது தங்கம் 2,060, பிறகு 1,860. ஒரே ரியல் ஈல்டு, 200 டாலர் வித்தியாசம். நேற்று இந்த ஜோடியை நான் உங்களிடம் காட்டவில்லை. என் கதைக்கு வசதியான ஜோடியை மட்டும் காட்டினேன்.

ஆகவே ரியல் ஈல்டு தங்கத்தின் திசையைச் சொன்ன அளவுக்கு விலையைச் சொன்னதில்லை. 2022 ஆரம்பம் வரை திசையாவது ஒழுங்காகச் சொன்னது. நான் 2013-ஐ உள்ளே உட்கார்ந்து பார்த்தவன். மே 22 அன்று அப்போதைய ஃபெட் தலைவர் பெர்னான்கி பாண்ட் வாங்குவதைக் குறைக்கலாம் என்று வாயைத் திறந்தார். மைனஸில் இருந்த டிப்ஸ் ஈல்டு ஜூன் முடிவதற்குள் பிளஸுக்கு வந்துவிட்டது, தங்கம் 1,200-க்கு விழுந்தது. அந்த ஐந்து வாரம் எங்கள் டெஸ்கில் யாரும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை.

ஏற்காட்டுக் குளிர் | 26 அக்டோபர் 2023, காலை 9.20

மேலே சொன்னதற்கு ஒரு ஒட்டு. அதே 2013-ல் ஏப்ரல் 12, 15 இரண்டே வேலை நாளில் தங்கம் 1,560-லிருந்து 1,350 பக்கம் போனது. அப்போது ரியல் ஈல்டு கிட்டத்தட்ட அசையவே இல்லை. யார் முன்னே போனது, யார் பின்னே வந்தது என்று எனக்கு இன்றும் தீர்மானமில்லை. ஈல்டு ஏறப் போவதைத் தங்கம் முன்கூட்டியே மோப்பம் பிடித்தது என்று ஒரு சீனியர் சொல்வார். எனக்கென்னவோ நடந்தபின் கட்டும் கதை என்றுதான் தோன்றும்.

செவ்வாய்ப்பேட்டை பட்டறை | 26 அக்டோபர் 2023, இரவு 9.30

2022-க்கு அப்புறம் என்ன ஆயிற்று?

ஏற்காட்டுக் குளிர் | 27 அக்டோபர் 2023, காலை 11.10

பிப்ரவரி 2022-ல் ரஷ்யா உக்ரைனுக்குள் போனதும், ரஷ்ய மத்திய வங்கி வெளிநாடுகளில் வைத்திருந்த சுமார் 300 பில்லியன் டாலர் சொத்தை மேற்கு நாடுகள் முடக்கின. அதுவரை ரியல் ஈல்டு கணக்கு ஒன்றை எடுத்த எடுப்பில் உண்மையாக வைத்துக்கொண்டிருந்தது, அமெரிக்க பாண்ட் கேட்ட அன்று பணமாகும் என்று. பல மத்திய வங்கிகளுக்கு அந்த நம்பிக்கையில் கீறல் விழுந்தது. அந்த வருடம் மத்திய வங்கிகள் 1,000 டன்னுக்கு மேல் தங்கம் வாங்கின. முந்தைய பத்து வருடங்களில் பெரும்பாலும் 500 டன்னைச் சுற்றியே இருந்தது.

இவர்கள் 28 மூட்டை லாபத்துக்காகக் கணக்குப் போடுபவர்கள் இல்லை. 100 மூட்டையும் பூட்டிய குடோனில் மாட்டிக்கொள்ளக் கூடாது என்று நினைப்பவர்கள். இவர்கள் வாங்கும் வரை ரியல் ஈல்டையும் தங்கத்தையும் சேர்த்துப் போட்ட பழைய சார்ட்டில் தங்கத்தின் கோடு மேலே தூக்கித்தான் நிற்கும். ஆனால் தூக்கி நின்ற இடத்திலிருந்தும் அன்றாடம் ரியல் ஈல்டு ஏறினால் தங்கம் கொஞ்சம் நெளியத்தான் செய்கிறது, அந்தப் பழக்கம் போகவில்லை. இவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. எல்லாமே மத்திய வங்கிகள்தான் என்று அடித்துச் சொல்ல என்னால் முடியாது.

ஜவ்வரிசி ஆலை | 27 அக்டோபர் 2023, மாலை 6.15

எல்லாம் அமெரிக்கா. நாம் சேலத்தில் ரூபாயில் வாங்குகிறோம். இந்திய ரியல் ஈல்டு வேண்டாமா? எஃப்.டி. 7 சொச்சம், பணவீக்கம் 5. அதை வைத்துத் தங்கம் பார்க்கக் கூடாதா?

செவ்வாய்ப்பேட்டை பட்டறை | 27 அக்டோபர் 2023, இரவு 10.00

இதற்கு நான் சொல்கிறேன், இது என் ஏரியா. தங்க விலையை எஃப்.டி. தீர்மானிப்பதில்லை ஆலையண்ணா. அவுன்ஸின் டாலர் விலையை 31.1-ஆல் வகுத்துக் கிராம் விலையாக்கி, டாலரின் ரூபாய் மதிப்பால் பெருக்கி, இறக்குமதி டூட்டி போட்டு, 22 காரட்டுக்கு 0.916, பவுனுக்கு 8. நேற்று ராத்திரி உட்கார்ந்து அந்தத் தேதிகளுக்குப் போட்டேன்.

2021 மார்ச்: 1,690 டாலர், ரூபாய் 73 சொச்சம், டூட்டி 10.75 சதவீதம். ஜி.எஸ்.டி. சேர்க்காமல் பவுன் சுமார் 32,300.

2022 நவம்பர் ஆரம்பம்: 1,630 டாலர், ரூபாய் 82 சொச்சம், டூட்டி 15 சதவீதம். பவுன் சுமார் 36,500.

டாலரில் தங்கம் இறங்கியிருக்கிறது, நம் கடையில் 4,000 ரூபாய் ஏறியிருக்கிறது. அண்ணன் சொல்லும் ரியல் ஈல்டு வேலை செய்த வருடத்திலும் சேலத்தில் அது கண்ணுக்குத் தெரியாமல் போனதற்கு இதுதான் காரணம் என்று இப்போதுதான் எனக்கே புரிகிறது. ஈல்டு ஏறினால் டாலர் பலமாகும், ரூபாய் இறங்கும், அதுவே நம் பக்கத்தைத் தாங்கிப் பிடித்துவிடுகிறது.

ஏற்காட்டுக் குளிர் | 27 அக்டோபர் 2023, இரவு 10.50

அருமை. இனி நான் காப்பி பறிக்கப் போகலாம். ஆலைக்காரருக்கு ஒன்றே ஒன்று. இந்திய ரியல் ஈல்டு தங்க விலையைச் சொல்லாது, ஆனால் எஃப்.டி.யை உடைத்துத் தங்கம் வாங்கினால் நீங்கள் எதை இழக்கிறீர்கள் என்பதைச் சொல்லும். அங்கேயும் வரியைக் கழித்துவிட்டுத்தான் பாருங்கள். 7.25-ல் இருபது சதவீத வரியும் செஸ்ஸும் போனால் 5.7. விலைவாசி 5 என்றால் மிச்சம் முக்கால் சதவீதம்.

நம் அரசும் 2013-ல் விலைவாசியோடு ஏறும் பத்திரம் விட்டுப் பார்த்தது. டிசம்பரில் சில்லறை ஆட்களுக்கு வந்தது பணவீக்கத்துக்கு மேல் 1.5 சதவீதம். எடுப்பார் இல்லை. அதனால் DFII10 மாதிரி தினமும் பார்க்கும் ஒரு எண் நமக்கு இல்லாமலே போனது.

ஓய்வு பெற்ற டீச்சர், அம்மாபேட்டை | 1 டிசம்பர் 2023

தம்பி, முதல் முதலில் விட்ட தங்கப் பத்திரம் முதிர்ந்துவிட்டதாம். 2015-ல் 2,684, இப்போது 6,132 கொடுத்தார்களாம். நான் என்னுடையதைத் தொடவில்லை.

ஏற்காட்டுக் குளிர் | 1 டிசம்பர் 2023

டீச்சர் தெரியாமலே என் தலையில் ஒரு குட்டு வைத்துவிட்டார். 2015 நவம்பரில் டிப்ஸ் ஈல்டு 0.7 பக்கம், இப்போது 2-க்கு மேல். என் விதிப்படி எட்டு வருடத்தில் டாலர் தங்கம் இறங்கியிருக்க வேண்டும். 1,060-லிருந்து 2,040 ஆகிவிட்டது. நீண்ட காலத்துக்கு இந்தச் சார்ட்டை நம்பி உட்கார்ந்தவன் நிலைமை இதுதான்.

செவ்வாய்ப்பேட்டை பட்டறை | 23 ஜூலை 2024, இரவு

பட்ஜெட்டில் டூட்டி 15-லிருந்து 6. ஒரே நாளில் பவுனுக்கு 2,000 ரூபாய்க்கு மேல் குறைந்தது. DFII10 என்ன ஆயிற்று என்று பார்த்தேன், பாவம் அதற்கு விஷயமே தெரியாது.

ஜவ்வரிசி ஆலை | 10 அக்டோபர் 2025

இழையைத் தூசி தட்டுகிறேன். தங்கம் 4,000 டாலரைத் தாண்டிவிட்டது. டிப்ஸ் ஈல்டு 1.8 பக்கம். குளிர் சார், உங்கள் அளவுகோல்படி 2.5-லிருந்து 0.7 இறங்கினால் தங்கம் 15 சதவீதம் ஏறலாம். இரட்டிப்பாகிவிட்டது. நம் ஊரில் பணவீக்கம் 2 சதவீதம் பக்கம், பத்து வருட ஈல்டு ஆறரை, இந்திய ரியல் ஈல்டு இவ்வளவு உயர்ந்து நான் பார்த்ததில்லை. அப்படியும் தீபாவளிக்கு நகைக்கடையில் கூட்டம்.

ஏற்காட்டுக் குளிர் | 11 அக்டோபர் 2025

திசை சரி, அளவு படுதோல்வி. இந்த இரண்டு வருட ஏற்றத்தில் ரியல் ஈல்டின் பங்கு அந்தப் பதினைந்து மட்டும்தான் என்று நான் எடுத்துக்கொள்கிறேன், மீதிக்கு வேறு ஆளைத் தேடுங்கள். இன்றும் காலையில் DFII10 பார்க்கிறேன், தங்கத்துக்காக இல்லை, என் பாண்ட் ஃபண்டுக்காக. ஆலைக்காரரே, அந்த 2022 தங்கம் என்ன ஆயிற்று?

ஜவ்வரிசி ஆலை | 11 அக்டோபர் 2025

2023 ஜனவரியில் போட்ட முதல் திரும்பக் கிடைத்ததும் விற்றுவிட்டேன். வீட்டில் இப்போது மைனஸ் 6.2-ஐ யாரும் சொல்லிக் காட்டுவதில்லை. அதைவிடப் பெரிய எண் கிடைத்துவிட்டது.

செவ்வாய்ப்பேட்டை பட்டறை | 12 அக்டோபர் 2025

வெள்ளியும் 50 டாலரைத் தாண்டிவிட்டது. கொலுசுக்கு ஆர்டர் கொடுத்தவர்கள் எடையைக் குறைக்கச் சொல்கிறார்கள், போன வருடம் 100 கிராம் கேட்டவர் 60 போதும் என்கிறார். அண்ணா, வெள்ளிக்கும் இதே ரியல் ஈல்டு கணக்குதானா, இல்லை சோலார் பேனல்காரன் கணக்கா?

ஏற்காட்டுக் குளிர் | 12 அக்டோபர் 2025

மழை கொட்டுகிறது, கரண்ட் இல்லை, போனில் 4 சதவீதம். அதுவும் நாமினல்தான். வெள்ளிக்கு வேறு இழை திறங்கள்.